அரசுத் துறைக்கு ஸ்டீல் பீரோ: ஒப்பந்தப்புள்ளி முதல் கருவூலப் பட்டியல் வரை

மதுரையை அடுத்த கப்பலூரில் சிறிய அளவில் ஸ்டீல் பீரோ செய்துவருகிறேன். மாநில அரசுத் துறை ஒன்று தன் 8 மாவட்ட அலுவலகங்களுக்கு 200 பீரோக்கள் கேட்டிருந்த ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்று, 2024 பிப்ரவரியில் சரக்கை ஒப்படைத்து, ஆகஸ்டில் பணம் பெற்றேன். இத்தொழிலில் இருப்பவர்கள் சந்தித்தால் யார் எந்த விலைக்கு எடுத்தார்கள் என்பதைத்தான் பேசுவோம். அந்த விலைக்குள் காத்திருப்புக்கான செலவு சேர்ந்திருக்கிறதா என்பதையும், காத்திருப்பைக் குறைக்கும் தாள்கள் கையில் இருக்கின்றனவா என்பதையும் பற்றிய பேச்சு குறைவு. அவற்றையே இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதல், 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படியும் 2000-ஆம் ஆண்டின் விதிகளின்படியும் நடக்கிறது. 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தந்தால் போதும் என்பது விதி. அறிவிப்பைப் பார்த்த பிறகு ஆவணம் சேர்க்கத் தொடங்குபவருக்கு இந்த அவகாசம் போதாது. எங்கள் ஒப்பந்தப்புள்ளியில் தகட்டின் தடிமனுக்கும் பவுடர் கோட்டிங்கின் தடிமனுக்கும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை கேட்டிருந்தார்கள். மாதிரியை அனுப்பி, அறிக்கை கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி வந்துவிடக்கூடும். ஆகவே அறிவிப்பு எதுவும் இல்லாத காலத்திலேயே இந்த அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

தகுதி நிபந்தனைகளில் மூன்று ஆண்டுச் சராசரி விற்றுமுதலுக்குத் தணிக்கையாளரின் சான்றும், இதே வகைப் பொருளை அரசுக்கோ பொதுத்துறைக்கோ வழங்கிய அனுபவமும் கேட்கப்பட்டிருந்தன. அனுபவத்துக்கு வெறும் கொள்முதல் ஆணையின் நகலை இணைப்பவர்கள் பலர். ஆணை கிடைத்தது என்பதை மட்டுமே அது காட்டும். பொருள் திருப்திகரமாக வழங்கப்பட்டது என்பதைக் காட்ட, வாங்கிய அலுவலகம் தரும் நிறைவுச் சான்று வேண்டும். தணிக்கையாளர் சான்றில், அது உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் யு.டி.ஐ.என். எண் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத காரணத்தால் இந்த ஒப்பந்தப்புள்ளியில் ஒருவர் தொழில்நுட்ப உறையிலேயே நீக்கப்பட்டார். அவருடைய விலை திறக்கப்படவே இல்லை.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்ததால் ஈ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகையைச் செலுத்துவதிலிருந்து எனக்கு விலக்கு கிடைத்தது. பதிவுச் சான்றில் உங்கள் தொழில் உற்பத்தி என்று இருக்கிறதா, கேட்கப்படும் பொருளோடு பொருந்துகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். அறைகலன் உற்பத்திக்கான தொழில் வகைக் குறியீடு 31-இல் தொடங்கும். வாங்கி விற்கும் வணிகர்களும் 2021 ஜூலை முதல் உத்யமில் பதிவு செய்யலாம் என்றாலும், அவர்களுக்கு அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே பயன்படும். கொள்முதல் சலுகைகளும், தாமதப் பணத்துக்கான சட்டப் பாதுகாப்பும் அதன் வழியாகக் கிடைப்பதில்லை.

இணையவழிச் சமர்ப்பிப்பு tntenders.gov.in தளத்தில் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பத்தைக் கொண்டு நடக்கிறது. விலை எழுதும் எக்செல் கோப்பைத் தளத்திலிருந்து இறக்கி, அதன் பெயரையோ அமைப்பையோ மாற்றாமல் நிரப்பி ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகும் 'Freeze Bid Submission' என்ற பொத்தானை அழுத்தி ஒப்புகையைப் பெறாவிட்டால் புள்ளி சமர்ப்பிக்கப்பட்டதாகக் கருதப்படாது. முந்தைய நாளே முடித்துவிடுவது நல்லது. நேரம் முடிவதற்குள் விலையை மாற்றத் தோன்றினால் மறுபடி சமர்ப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் புள்ளியைத் திரும்பப் பெற்றுவிட்டால் அதே ஒப்பந்தப்புள்ளியில் மீண்டும் நுழைய முடியாது.

இனி விலைக்கு வருகிறேன். தகடு, பூட்டு, பவுடர், மின்சாரம், கூலி என ஒரு பீரோவுக்குப் பட்டறையில் ஆன செலவு 9,400 ரூபாய். 8 ஊர்களுக்கும் ஏற்றி, இறக்கி, சொன்ன அறையில் வைக்கச் சராசரியாக 600 ரூபாய். ஆகச் செலவு 10,000. வழக்கமான வணிகத்தில் இதன்மேல் லாபத்தை வைத்து விலை சொல்லிவிடலாம். அரசுக்கு விற்கும்போது இடையில் காத்திருப்புக்கான செலவையும் எழுத வேண்டியிருக்கிறது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பொருள் வழங்கும்போது வரி செலுத்தும் பொறுப்பு பில் தேதியிலேயே பிறந்துவிடுகிறது. துறை பணம் தரும்வரை அரசு வரிக்காகக் காத்திருப்பதில்லை. கடைசியில் முடிவான 11,200 ரூபாய் விலைக்கு வரி 2,016 ரூபாய். அதில் ஏறத்தாழ 1,260 ரூபாயைத் தகடும் பவுடரும் வாங்கும்போதே கொடுத்துவிடுகிறோம். மீதி 756 ரூபாயை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ரொக்கமாகக் கட்டுகிறோம். ஆக ஒரு பீரோவில் முடங்கும் பணம் 10,000 அல்ல, சுமார் 12,000.

என் வங்கிக் கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1 சதவீதம் வட்டி. பணம் வர ஆறு மாதமாகும் என்று வைத்துக்கொண்டதால் வட்டி 720 ரூபாய். ஆணை மதிப்பில் 5 சதவீதத்தைக் காப்புத்தொகையாகக் கட்ட வேண்டும். உத்தரவாதக் காலமான ஓராண்டு முழுவதும் அது முடங்கிக் கிடப்பதற்கான வட்டி 67 ரூபாய். எனவே உண்மையான அடக்கவிலை 10,787 ஆகிறது. நான் எழுதிய விலை 11,350. குறைந்த விலை கொடுத்தவருடன் மட்டும் விலையைக் குறைக்கும்படி பேச்சு நடத்தச் சட்டம் இடம் தருவதால், அதற்கும் சற்று இடம் விட்டிருந்தேன். உறை திறந்தபோது என் விலையே குறைவாக இருந்தது, பேச்சுக்கு அழைத்தார்கள், 11,200-க்கு ஒப்புக்கொண்டேன். பீரோவுக்கு மிஞ்சுவது 413 ரூபாய், மொத்தத்தில் 82,600. காத்திருப்பை எழுதாமல் கணக்குப் போட்டிருந்தால் இதே ஆணை 2,40,000 ரூபாய் லாபம் தருவதாகத் தோன்றியிருக்கும். இன்னும் 700 ரூபாய் குறைத்துக்கூட எழுதலாமே என்ற துணிச்சல் அந்தத் தோற்றத்திலிருந்துதான் பிறக்கிறது. சந்தையில் பல ஒப்பந்தப்புள்ளிகள் நம்ப முடியாத விலைக்குப் போவதற்கு இதுவே பெரும் காரணம் என்பது என் கருத்து.

2024 பிப்ரவரி 16-ஆம் தேதி கடைசி அலுவலகத்திலும் சரக்கு இறங்கியது. பணம் கேட்கும் பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்து கருவூலத்துக்குப் போக வேண்டுமானால், 8 அலுவலகங்களும் பொருளைப் பெற்று, இருப்புப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் வரவு வைத்தோம் என்று எழுதிய சான்று வர வேண்டும். டெலிவரி சலானில் கையொப்பமும் முத்திரையும் இருந்தாலும், பதிவேட்டுப் பக்க எண் இல்லாவிட்டால் தலைமை அலுவலகக் கணக்குப் பிரிவு அதை ஏற்பதில்லை. ஏழு அலுவலகங்கள் தந்துவிட்டன. எட்டாவதில் பதிவேட்டைப் பார்க்கும் எழுத்தர் இடமாறுதலில் போயிருந்தார். அடுத்தவர் பொறுப்பேற்று வரவு வைத்தபோது ஏப்ரல் பிறந்திருந்தது. ஏழு இடங்களுக்கான தொகையையாவது தனிப் பட்டியலாகப் போடுங்கள் என்று கேட்டதற்கு, ஆணையின் கட்டண நிபந்தனையில் 'முழு வழங்கலுக்குப் பின்' என்று இருப்பதைக் காட்டினார்கள். சமர்ப்பிப்பதற்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் அந்த வரியை 'அலுவலக வாரியாக' என்று மாற்றும்படி கேட்டிருந்தேன், துறை ஏற்கவில்லை. அதனால்தான் காத்திருப்பை ஆறு மாதமாக எழுதினேன்.

மார்ச் 31-உடன் அந்த நிதியாண்டின் ஒதுக்கீடு காலாவதியானது. புதிய ஆண்டில் அதே செலவுக்கு மீண்டும் ஒதுக்கீடு பெற்று, பணம் பெற்று வழங்கும் அலுவலர் பட்டியலை ஏற்றி, கருவூலம் அனுமதித்து, தொகை வங்கியில் வரவாக ஆகஸ்ட் தொடக்கம் ஆகிவிட்டது. ஜனவரிக்குப் பிறகு கிடைக்கும் ஆணைகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. சரக்கு நல்லதா, அதிகாரி நல்லவரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஏற்பு நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கட்டண அவகாசம் இருக்கக் கூடாது என்கிறது. பொருளைப் பெற்ற 15 நாளுக்குள் எழுத்துமூலமான ஆட்சேபம் இல்லாவிட்டால், பொருள் ஒப்படைக்கப்பட்ட நாளே ஏற்பு நாள். இருப்புப் பதிவேட்டில் எப்போது வரவு வைத்தார்கள் என்பது இதற்குப் பொருட்டல்ல. தேதியிட்டு முத்திரை வைத்த சலான் இங்கேதான் உதவுகிறது: பிப்ரவரி 16-ஐ ஏற்பு நாளாகக் கொண்டால் கெடு ஏப்ரல் 1-இல் முடிகிறது. அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும் என்பது 16-ஆம் பிரிவு. அப்போது அந்த விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25. சுமார் 26 லட்சம் ரூபாய்க்கு நான்கு மாதத்தில் ஏறத்தாழ 1.8 லட்சம் ரூபாய் வட்டி. தனியார் நிறுவனங்கள் தாமதித்தால் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாமல் போகும் அச்சம் அவர்களுக்கு உண்டு. வருமான வரி கட்டாத அரசுத் துறைக்கு அந்த அழுத்தமில்லை. அதனால் இந்த வட்டிப் பிரிவுதான் நமக்கு மிஞ்சும் பிடி.

ஜூனில் இவ்விரு பிரிவுகளையும் சுட்டி, சலான் நகல்களுடன் துறைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். கடிதம் கோப்பில் ஏறியபின் வேலை நகர்ந்ததை உணர முடிந்தது. அசல் வந்தது, வட்டி வரவில்லை. வட்டிக்காக samadhaan.msme.gov.in வழியாக விண்ணப்பித்தேன். அது, இத்தகைய தாமதப் பண வழக்குகளைத் தீர்க்கும் மதுரை வட்டார வசதி மன்றத்தின் முன் சென்றது. 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொன்னாலும் அந்த வேகத்தை நம்பித் திட்டமிடக் கூடாது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் துறை, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு. பேசித் தீர்க்கத் துறைகள் இறங்கிவருவதற்கு இது ஒரு காரணம். உத்யம் பதிவு ஒப்பந்தத்துக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். பின்னர் பதிவு செய்து முந்தைய பாக்கிக்குச் சலுகை கேட்பதை 2021-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

பணம் வந்த பிறகும் இரண்டு வேலைகள் உள்ளன. வரி நீங்கலாக 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் துறை 2 சதவீத ஜி.எஸ்.டி. பிடித்தம் செய்கிறது, எங்களுக்கு அது 44,800 ரூபாய். துறை தன் கணக்கைத் தாக்கல் செய்ததும் ஜி.எஸ்.டி. தளத்தில் நாம் ஏற்றுக்கொண்டால்தான் அது நம் ரொக்கப் பேரேட்டில் சேரும். அடுத்த மாத வரிக்கு அதைப் பயன்படுத்தலாம். காப்புத்தொகை தானாகத் திரும்பாது. உத்தரவாதக் காலம் முடிந்த வாரமே, 8 அலுவலகங்களிலும் குறைபாடு நிலுவையில் இல்லை என்ற சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும்.