ஸ்லைடு 38-இல் ஒரு நட்சத்திரக் குறி

வாய்க்கால் சீரமைப்பு பற்றிய அந்த பிபிடியில் 186 ஸ்லைடுகள். தஞ்சாவூர் அலுவலகத்தில் நாங்கள் நாலு பேர். ஆளுக்கு 46, 47 என்று பிரித்துக்கொண்டு சுருக்கினோம். கடைசியில் நான் எல்லாவற்றையும் சேர்த்து நாலு பக்கமாக்கினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

கூட்டத்துக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவர் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "தம்பி, கடைமடைக்குப் பத்து நாள்ல தண்ணி போயிடும்னு போட்டிருக்கீங்க. முறை வச்சு விடும்போதும் அப்படித்தானா?"

என்னிடம் பதில் இல்லை. திரும்பி வந்து பிபிடியைத் திறந்தேன். ஸ்லைடு 38-இல் பத்து நாள் என்ற இடத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். அதற்கான விளக்கம் ஸ்லைடு 151-இல்: வெண்ணாற்றில் முழு அளவு ஓடினால்தான் இந்தக் கணக்கு, முறைப்பாசனத்துக்குப் பொருந்தாது. 38 என் பங்கு. நட்சத்திரத்தை நான் கவனிக்கவே இல்லை. 151 நண்பர் பங்கு. 'முன்பு சொன்ன கால அளவு முறைப்பாசனத்துக்குப் பொருந்தாது' என்று சரியாகவே எழுதியிருந்தார். எந்தக் கால அளவு? அவர் கையில் இருந்த ஸ்லைடுகளில் அது இல்லை. சேர்க்கும்போது ஒட்டாத வரி என்று நான்தான் வெட்டிவிட்டேன்.

மறுபடி செய்தபோது ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஸ்லைடு எண் போட்டோம். வேறு இடத்தைக் கைகாட்டும் எதைக் கண்டாலும் பொதுவான ஒரு தாளில் எழுதினோம். அதற்குக் கடன் சீட்டு என்று பெயர் வைத்தார் நண்பர்:

```
38  -> ?   பத்து நாள், நட்சத்திரம்
151 -> ?   "முன்பு சொன்ன கால அளவு"
```

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஜோடி தெரிந்துவிடும். ஆனால் சுருக்கங்களை வைத்துக் கடனைத் தீர்க்கக் கூடாது. இரண்டு மூல ஸ்லைடுகளையும் திறந்து பார்த்த பிறகுதான் சீட்டில் அந்த வரிகளை அடிக்க வேண்டும். சுருக்கத்தில் நட்சத்திரமே இருக்காதே! 'ஸ்லைடு 90 பார்க்க' என்று எண்ணோடு வருபவை சுலபம். தொல்லை கொடுத்தவை 'மேற்கண்ட', 'இரண்டாம் திட்டம்' மாதிரி வார்த்தைகள். அதனால் பிரிப்பதற்கு முன்பே ஒருவர் முழுவதையும் புரட்டி, எந்தத் திட்டம் எந்த ஸ்லைடில் அறிமுகமாகிறது என்று அரைப்பக்கம் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார்.

இதிலும் ஒரு கூத்து. ஒருவருடைய எண்கள் எல்லாமே மூன்று குறைவாக வந்தன. அவர் வைத்திருந்தது பிடிஎஃப். அதை எடுத்தவர் மறைத்து வைத்த மூன்று ஸ்லைடுகளை விட்டுவிட்டார். அதனால் 151 அவருக்கு 148-ஆம் பக்கம். பக்க எண்ணை விட்டுவிட்டு ஸ்லைடின் மூலையில் அச்சான எண்ணையே எழுதச் சொன்னோம். மறைத்த ஸ்லைடுகளையும் எண்ணித்தான் அந்த எண் வரும்.

கடைசியில் சீட்டில் இரண்டு கடன் மிஞ்சியது. இரண்டும் பிபிடியிலேயே இல்லாத ஓர் இணைப்பைக் காட்டின. அந்த வரிகளுக்குக் கீழே 'இணைப்பு எங்களுக்கு வரவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டோம்.