அந்தப் பையனிடம் கேட்ட இரண்டாவது கேள்வி

ஒரு நேர்முகத் தேர்வில் நான் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டேனா, அல்லது இரண்டு வேறு கேள்விகளைக் கேட்டேனா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள்தாம் என்று என்னுடன் அமர்ந்திருந்த மனிதவள மேலாளர் அன்றே சொல்லிவிட்டார். நான் இல்லை என்று வாதிட்டேன். வாதத்தில் அவர் தோற்றார் என்றும் சொல்ல முடியாது, நான் வென்றேன் என்றும் சொல்ல முடியாது. மதிப்பெண் தாளில் கையெழுத்திட வேண்டிய நேரம் வந்துவிட்டதால் வாதம் நின்றது, அவ்வளவுதான்.

சென்னையில் இருக்கும் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் கழிவுநீர்ப் பிரிவுக்கு ஒரு இளநிலை வேதியியலாளர் தேவைப்பட்டார். குடியாத்தத்திலிருந்து எம்.எஸ்சி. வேதியியல் முடித்த ஒரு பையன் வந்திருந்தான். விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து வந்தவன், பத்து மணிக்கே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் அவனை அழைக்கும்போது மதியம் ஆகிவிட்டது. புதுச் சட்டையில் கடையில் மடித்து வைத்த கோடுகள் நெஞ்சின் குறுக்கே அப்படியே இருந்தன. மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலின் எலாஸ்டிக்கை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே இருந்தான். நான் வாலாஜாப்பேட்டைக்காரன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பின்னால் எனக்கு எதிராகச் சொல்லப்பட்டது.

மேலாளர் வழக்கம்போல உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். பையன் மனப்பாடம் செய்து வந்திருந்தான். ஊர்ப்பெயர் வரை நன்றாக வந்தான். அப்பாவின் தொழிலைச் சொல்லும் இடத்தில் தடுக்கியது. தடுக்கிய இடத்திலிருந்து தொடராமல் மறுபடியும் காலை வணக்கத்திலிருந்து ஆரம்பித்தான். இரண்டாம் முறையும் அதே இடத்தில் நின்றான். மேலாளர் ஏதோ எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

நான் அன்று எல்லோரிடமும் கேட்ட கேள்வியைத்தான் இவனிடமும் ஆங்கிலத்தில் கேட்டேன்: குளோரைடு அதிகமுள்ள மாதிரியில் சிஓடி பார்க்கும்போது என்ன முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்? காலையில் வந்த சென்னைப் பெண் ஒருவர் இதற்கு ஒரே மூச்சில், "மெர்க்குரிக் சல்பேட் சேர்க்க வேண்டும், குளோரைடுக்கு எடையில் பத்து மடங்கு" என்று சொல்லி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார். இவன் வாயைத் திறந்தான், மூடினான், மேசையைப் பார்த்தான். எலாஸ்டிக் ஒருமுறை சொடுக்கியது.

அப்போதுதான் நான் தமிழில் கேட்டேன். அந்த வாக்கியத்தைப் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டதால் ஏறக்குறைய அப்படியே தர முடியும். "சரி தம்பி, உங்க ஊர்ப் பக்கத்து டேனரியிலேர்ந்து பச்சைத் தோலை ஊறவெச்ச தண்ணி ஒரு கேன்ல வருது. குளோரைடு 8,000 இருக்குன்னு வெச்சுக்குங்க. நீங்கதான் சிஓடி போடணும். என்ன பண்ணுவீங்க?"

அவன் நிமிர்ந்தான். "முதல்ல தண்ணி கலந்து குறைச்சுக்குவேன் சார்" என்றான்.

சிஓடி என்ற இந்தச் சோதனையைச் செய்யாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளை அழிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை, கந்தக அமிலத்தோடு பொட்டாசியம் டைக்குரோமேட்டைச் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, செலவான டைக்குரோமேட்டின் அளவிலிருந்து கணக்கிடுகிறோம். டைக்குரோமேட்டுக்குக் கரிமம் எது, உப்பு எது என்று தெரியாது; உப்பிலுள்ள குளோரைடையும் சேர்த்துத் தின்றுவிடும். ஒரு கிராம் குளோரைடு ஏறக்குறைய 0.226 கிராம் ஆக்சிஜனுக்குச் சமமாகக் கணக்கில் ஏறும். 8,000 மில்லிகிராம் குளோரைடு முழுவதும் வினைபுரிந்தால், லிட்டருக்குச் சுமார் 1,800 மில்லிகிராம் சிஓடி இல்லாத இடத்திலிருந்து முளைத்துவிடும். ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீருக்கான வரம்பே 250தான் என்பதை வைத்துப் பார்த்தால் இந்தப் பொய்யின் அளவு புரியும். இதைத் தடுக்கத்தான் பாதரச உப்பைச் சேர்த்துக் குளோரைடைக் கட்டிப்போடுகிறோம். வழக்கமான முறை லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரைதான் நம்பத்தக்கது. அதற்கு மேல் போனால் நீர்த்தாக வேண்டும்.

"எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டேன். "அஞ்சு மடங்கு சார். 1,600க்கு வந்துடும். அப்புறம் மெர்க்குரி போடுவேன். நேரா மெர்க்குரியையே அள்ளிப் போடலாம், ஆனா அது அப்புறம் கழிவாத்தான சார் போகும்" என்றான். "அஞ்சு எதுக்கு, இருபது மடங்கு குறைச்சிட்டா இன்னும் நல்லதுதானே?" என்று மடக்கினேன். கொஞ்சம் யோசித்தான். "சிஓடியும் கூடவே குறைஞ்சுடும் சார். டைட்ரேஷன்ல ஒரு சொட்டு தப்பினாலும் கடைசியில இருபதால பெருக்கணும்." மெர்க்குரி போதவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றேன். "சில்வர் சல்பேட் அமிலம் ஊத்தும்போதே பால் திரிஞ்ச மாதிரி வெள்ளையா வரும் சார். அப்படி வந்தா அந்த ஃபிளாஸ்க்கைக் கணக்குல எடுக்கக் கூடாது." எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். முதுகலைத் திட்டப்பணிக்காகப் பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்தபோது பார்த்ததாகச் சொன்னான்.

அவன் சொன்னது சரி. வினையூக்கியாகச் சேர்க்கும் வெள்ளி, கட்டுப்படாத குளோரைடோடு சேர்ந்து சில்வர் குளோரைடாக வெண்மையாகப் படியும். வினையூக்கி வீணாகும், முடிவும் கெடும். இதைப் புத்தகத்தில் படித்தவர்களும் சொல்லக்கூடும்; ஆனால் அந்த ஃபிளாஸ்க்கைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதைக் கொட்டிவிட்டு மறுபடியும் செய்தவர்கள்தாம் கேட்காமலே சொல்வார்கள் என்பது என் எண்ணம்.

பையன் வெளியே போனதும் மேலாளர் சொன்னதை அவருக்கு அநியாயம் செய்யாமல் எழுத முயல்கிறேன். நீங்கள் அவருக்குக் கேள்வியைத் தமிழில் சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் கேள்வியையே மாற்றிவிட்டீர்கள் என்றார். முதல் கேள்வியில் ஒரு விதியை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாவதில் அவர் பிறந்து வளர்ந்த இடத்தின் தண்ணீரைக் கையில் கொடுத்து, உப்பின் அளவையும் நீங்களே சொல்லி, அதற்கப்புறம் என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். காலையில் வந்த பெண்ணுக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. அவரும் நீர்த்துவதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கவே இல்லையே. கடைசியாக, மெதுவாக, "நீங்களும் அந்தப் பக்கம்தானே?" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தால் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் மற்றவற்றுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் பதில் இருக்கிறது. எங்கள் கூடத்துக்கு வரும் மாதிரிகளில் புத்தகக் கேள்வி எதுவும் வருவதில்லை, கேன்தான் வருகிறது. கேனைப் பார்த்து என்ன செய்வாய் என்று கேட்பதுதான் அந்த வேலைக்கான கேள்வி. பயத்தில் ஒருவனுக்கு வாய் கட்டிக்கொண்டால், அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதைக் கண்டுபிடிப்பது கேட்பவனின் வேலை. இந்த இரண்டிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வேறு இடத்தில் வருகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வளர்ந்தவர்களுக்கு டேனரித் தண்ணீர் உப்பாக இருக்கும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்குவதையும், அதை முதலில் ஊறவைக்கும் தொட்டியில்தான் அந்த உப்பெல்லாம் இறங்கும் என்பதையும் வீட்டிலேயே யாராவது பேசியிருப்பார்கள். வேலூர் மாவட்ட டேனரிகளைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு அது எங்கள் பக்கத்துத் திண்ணைப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஆகவே நான் கொடுத்தது சூழ்நிலை மட்டுமா, பாதி விடையுமா? குளோரைடு 8,000 என்று எண்ணைச் சொன்னது நானேதான். ஆனால் முதல் கேள்வியிலும் குளோரைடு அதிகம் என்றுதானே இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சமாதானம் ஒரு நாள் நிற்கிறது, ஒரு நாள் நிற்பதில்லை.

வேலை அந்தச் சென்னைப் பெண்ணுக்குக் கிடைத்தது. தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்கு முடிவை விளக்குவதும் அந்தப் பணியில் அடக்கம் என்பதால், தகவல் தொடர்புக்கான கட்டத்தில் பையனுக்கு மேலாளர் போட்ட குறைந்த மதிப்பெண்ணை நான் மறுக்கவில்லை. என் கட்டத்தில் அவனுக்குக் காலைப் பெண்ணைவிடக் கூடுதலாகத்தான் போட்டிருந்தேன். கூட்டிப் பார்த்தபோது அது போதவில்லை. வந்த பெண் நன்றாக வேலை செய்கிறார். முதல் வாரத்திலேயே ஒரு மாதிரி கொதிக்கும்போது ஆரஞ்சு நிறம் போய்ப் பச்சையானதைக் கண்டு, டைக்குரோமேட் தீர்ந்துவிட்டது என்று தானே நிறுத்தி, நீர்த்து மறுபடியும் போட்டார். ஆக, என் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் அவரும் பதில் சொல்லியிருப்பார் என்று மேலாளர் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

அதன்பிறகு நான் எல்லோரிடமும் கேனிலிருந்தே தொடங்கினேன். சில மாதம் கழித்துத் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருவர், தோலை ஊறவைத்த தண்ணீர் என்றதும் குடியாத்தத்துப் பையன் முதல் கேள்விக்கு முழித்ததைப் போலவே முழித்தார். உப்பளத்து வாய்க்கால் தண்ணீர் என்று மாற்றிக் கேட்டேன், பதில் வந்தது. மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஊருக்கு ஒரு கேள்வி என்றால் மதிப்பெண்ணை எப்படி ஒப்பிடுவது என்றார். சென்னைக்காரருக்கு எண்ணூர்க் கழிமுகத் தண்ணீரைக் கொடுப்பேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது எங்கள் கேள்வித்தாளில் இரண்டும் அச்சாகியிருக்கின்றன: முதலில் விதி, பிறகு கேன், எந்தத் தண்ணீர் என்பதைத் தேர்வுக்கு வருபவரே சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். முதலாவதற்கு வாயடைத்துப்போய் இரண்டாவதற்கு முழுமையாகப் பதில் சொல்பவருக்கு ஐந்துதான் என்கிறார் மேலாளர். கேனைக் கையாளத் தெரிந்தவருக்கு விதியும் தெரிந்ததாகத்தான் அர்த்தம், குறைந்தது எட்டு போட வேண்டும் என்கிறேன் நான். அடுத்த தேர்வுக்குள் இதை எழுத்தில் முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் செய்யவில்லை.