கக்கலும் வாந்தியும்: ஒரு பிள்ளையின் ஐந்து வாரம்

"கக்கின பிள்ளை தக்கும்" என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரிதான். ஆனால் அதில் சொல்லியிருப்பது கக்கலைப் பற்றி மட்டும்தான், வாந்தியைப் பற்றி இல்லை. பச்சிளம் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது, கக்கிக்கொண்டிருந்த அதே பிள்ளை ஒரு நாள் வாந்திக்கு மாறுவதும், வீட்டில் அதையும் பழைய கக்கல் என்றே எண்ணிச் சில நாள் போய்விடுவதும்தான். அப்படி மாறிய ஓர் ஆண் பிள்ளையின் கணக்கை இங்கே நாள்வாரியாக வைக்கிறோம். தலைப்பிள்ளை, பிறந்த எடை 3.2 கிலோ.

முதல் முறை கொண்டுவந்தபோது அவனுக்கு 25 நாள். "குடிச்சதெல்லாம் வெளியே வந்துடுது" என்பது புகார். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. எப்படி வருகிறது என்று கேட்டோம். ஏப்பத்தோடு சேர்ந்து வருகிறது, வாயோரம் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்குகிறது, சில சமயம் தயிர் மாதிரித் திரிந்திருக்கிறது, வந்த பிறகு பிள்ளை சிரித்துக்கொண்டு கிடக்கிறான். இதுதான் கக்கல். வயிறு முக்காமல், முகம் சுளிக்காமல், தானாக வழிவது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் இருக்கும் தசை வளையம் இந்த வயதில் அடிக்கடி தளர்ந்து திறக்கும். உள்ளே இருப்பதோ முழுக்கத் திரவம். பிள்ளையும் நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறது. பிறகு மேலே வராமல் என்ன செய்யும்? தயிர் மாதிரி இருப்பது பால் இரைப்பை அமிலத்தைத் தொட்டதன் அடையாளம், கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

"குடிச்சதெல்லாம்" என்பதைச் சரிபார்க்க ஒரு சின்ன வேலை செய்து காட்டினோம். சிரிஞ்சில் 10 மில்லி பால் எடுத்து, வீட்டில் பிள்ளைக்குப் போடும் துணி போன்ற ஒன்றில் ஊற்றினோம். அது உள்ளங்கையை விடப் பெரிய வட்டமாகப் பரவியது. "இவ்வளவுதான் வருது" என்றார் அம்மா, கொஞ்சம் ஏமாந்த குரலில். துணியில் பரவிய ஈரம் அளவை எப்போதும் பெரிதாக்கியே காட்டும்.

அடுத்து எடை. 14-ஆம் நாள் 3.25 கிலோ, 25-ஆம் நாளான அன்று 3.55. பதினொரு நாளில் 300 கிராம், அதாவது நாளுக்கு 27 கிராம். முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். உண்மையிலேயே குடித்ததெல்லாம் வெளியே போயிருந்தால் இந்த எடை எங்கிருந்து வந்திருக்கும்? சிறுநீர் நாளுக்கு எட்டு டயப்பர். ஆறுக்குக் குறையாமல் இருந்தால் தண்ணீர்ச் சத்து உள்ளே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டிலில்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பால் பவுடர். ஒரு தடவைக்கு 90 மில்லி, நாளுக்கு எட்டுத் தடவை, ஆக 720 மில்லி. இந்த வயதில் பொதுவாகக் கிலோவுக்கு 150 மில்லி போதும். 3.55 கிலோவுக்கு 530 மில்லி சொச்சம். அதைவிட ஏறக்குறைய 190 மில்லி கூடுதல் போயிருந்தது. ஒரு தடவைக்கு 65 முதல் 70 மில்லியாகக் குறைத்து, நடுவில் ஒரு முறை நிறுத்தி ஏப்பம் விடவைத்து, குடித்த பிறகு இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்கச் சொன்னோம். நேரடியாக மார்பில் குடிக்கும் பிள்ளைக்கு இந்த மில்லிக் கணக்கு பொருந்தாது. அங்கே பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துத் திருத்துவதோடு சரி.

இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. கக்குகிறதே என்று குப்புறவோ ஒருக்களித்தோ தூங்கவைப்பதும், தலைமாட்டைத் தலையணை வைத்து உயர்த்துவதும் ஒன்று. தூங்கும்போது சமதளத்தில் மல்லாந்துதான் படுக்க வேண்டும். கக்கும் பிள்ளைக்கும் அதுவே விதி, மல்லாந்து படுப்பதால் புரையேறும் ஆபத்து கூடுவதில்லை. மற்றொன்று அமிலத்தைக் குறைக்கும் சிரப்பைக் கேட்டு வாங்குவது. அது வெளியே வரும் பாலின் அளவைக் குறைக்காது, அதிலுள்ள அமிலத்தை மட்டுமே குறைக்கும். எடை ஏறி, சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது தேவையே இல்லை.

இரண்டு மூன்று நாள் கக்கல் பாதியாகக் குறைந்தது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நூற்றில் பெரும்பகுதி அப்படித்தான் முடியும்: நான்கு மாதம் வாக்கில் கக்கல் உச்சத்துக்குப் போய், பிள்ளை உட்காரத் தொடங்கியதும் குறைந்து, ஒரு வயதுக்குள் நின்றுவிடும்.

29-ஆம் நாள் ஒரு முறை மட்டும் பால் பீய்ச்சிக்கொண்டு வந்தது. மறுநாள் இரண்டு முறை. 31-ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு முறை குடித்த பிறகும். வீட்டில் பவுடரை மாற்றினார்கள், இரண்டு நாள் பார்த்துவிட்டு மறுபடி மாற்றினார்கள். 35-ஆம் நாள்தான் வந்தார்கள். அப்போது அப்பா சொன்ன ஒரு வரி போதுமானதாக இருந்தது: "மடியில உட்கார வெச்சிருந்தேன், எதிர்ல இருந்த நாற்காலிமேல போய் விழுந்துச்சு."

கக்கல் வழியும், வாந்தி தள்ளப்படும். வயிற்றுத் தசை இறுகி, உடம்பு முழுக்க முக்கி, பால் ஒரு தூரத்துக்குப் போய் விழுவது வாந்தி. ஒரே ஒரு முறை அப்படி வந்தால் அதிகம் குடித்ததாலும் இருக்கலாம், பெரிய ஏப்பத்தாலும் இருக்கலாம். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவதுதான் கவனிக்க வேண்டியது. அதோடு இவன் வாந்தி எடுத்த கையோடு மறுபடி பசித்து அழுதான். குடலில் தொற்று உள்ள பிள்ளை பொதுவாகப் பாலை ஒதுக்கும், இவனோ பாட்டிலை விடவில்லை. எடை 3.48 கிலோ. பத்து நாளில் 200 கிராமாவது ஏறியிருக்க வேண்டிய இடத்தில் 70 கிராம் இறங்கியிருந்தது. ஈர டயப்பர் எட்டிலிருந்து மூன்றாகியிருந்தது.

மருத்துவர் முதலில் கேட்டது அளவை அல்ல, நிறத்தை. "வெள்ளையா, மஞ்சளா, பச்சையா?" துணியையே கொண்டுவரச் சொல்வது இதற்குத்தான். பித்தநீர் குடலில் வந்து கலக்கும் இடம் இரைப்பையின் வாசலுக்குக் கீழே இருக்கிறது. எனவே வாந்தியில் பால் மட்டும் இருந்தால், அடைப்பு இருக்குமானால் அது அந்த இடத்துக்கு மேலே. இலைப்பச்சையாக வந்தால் அதற்குக் கீழே எங்கோ அடைபட்டிருக்கலாம். அதில் மிக மோசமானது குடல் முறுக்கிக்கொள்வது. முறுக்கில் ரத்தக்குழாயும் நெரிபடுவதால் சில மணி நேரத்தில் குடல் அழியத் தொடங்கும். ஆரம்பத்தில் வயிறு மெத்தென்று இருக்கும், பிள்ளையும் பார்ப்பதற்கு ஓரளவு நன்றாகவே தெரியும். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. பச்சை வாந்தி ஒரே ஒரு முறை வந்தாலும், நள்ளிரவானாலும், பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு, குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு அப்போதே போக வேண்டும். நிறத்தில் சந்தேகம் வந்தால் துணியை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சீம்பால் மஞ்சளாக இருக்கும், அது வேறு. மஞ்சளா பச்சையா என்று வீட்டில் இரண்டு பேர் வாதாடும் நிலைமை வந்தால், பச்சை என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இவனுக்கு வெள்ளை. பால் கொடுத்துவிட்டு வயிற்றைப் பார்த்தபோது, இடப்பக்க விலா எலும்புக்குக் கீழிருந்து வலப்பக்கமாக ஓர் அலை தோலுக்கடியில் மெல்ல நகர்ந்தது. மூடிய கதவை இரைப்பை தள்ளிப் பார்க்கும் காட்சி அது. ஸ்கேனில் இரைப்பை வாசலின் தசை 4.5 மில்லிமீட்டர் தடித்திருந்தது. 3-க்கு மேல் போனாலே சந்தேகம்தான். வாசல் நீளமும் 18 மில்லிமீட்டர். பெயர் பைலோரிக் ஸ்டெனோசிஸ். பிறக்கும்போது சரியாக இருக்கும் வாசல் தசை, இரண்டாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில் தடித்து வழியை அடைக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகளைவிட நான்கைந்து மடங்கு அதிகம், தலைப்பிள்ளைக்கும் கொஞ்சம் அதிகம். பவுடரை மாற்றியதால் ஏன் பயனில்லை என்பதும் இப்போது புரியும்: எந்தப் பாலாக இருந்தாலும் போக வழியில்லை.

அன்றே ஆபரேஷன் செய்யவில்லை என்று குடும்பத்துக்குக் கோபம். வாந்தியோடு இரைப்பை அமிலம் நாள்கணக்கில் வெளியே போனதால் ரத்தத்தில் குளோரைடும் பொட்டாசியமும் இறங்கி, காரத்தன்மை ஏறியிருந்தது. அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால், அதற்குப் பிறகு பிள்ளை மூச்சு விடுவதை நிறுத்திவிடக்கூடும். எனவே டிரிப்பில் உப்பும் குளுக்கோஸும் ஏற்றி, சிறுநீர் நன்றாக வந்த பிறகு பொட்டாசியம் சேர்த்து, ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்தார்கள். ரத்தம் சரியாவதற்கு ஒன்றரை நாள் ஆனது. அவசரம் தசையில் இல்லை, ரத்தத்தில்தான் இருந்தது.

ஆபரேஷன் சின்னது. தடித்த தசையை நீளவாக்கில் கீறிப் பிளந்துவிடுவார்கள், உள்சவ்வைத் தொடமாட்டார்கள். வழி திறந்துகொள்ளும். சில மணி நேரத்தில் பால் ஆரம்பித்தார்கள். அன்று இரவே மூன்று முறை வாந்தி. குடும்பம் பதறியது, ஆனால் வீங்கிய இரைப்பை முதல் ஒன்றிரண்டு நாள் அப்படித்தான் செய்யும். பாலை நிறுத்தாமல் கொடுக்கலாம். நாலைந்து நாளாகியும் பீய்ச்சி அடிப்பது நிற்காவிட்டால்தான் தசை முழுதாகப் பிளக்கவில்லையோ என்று மறுபடி பார்ப்பார்கள்.

பச்சை நிறமும் பீய்ச்சலும் இல்லாமலும் உடனே காட்ட வேண்டிய சில உண்டு. வாந்தியில் ரத்தம் அல்லது காப்பித்தூள் மாதிரித் துகள், விம்மி இறுகிய வயிறு, மேடிட்ட உச்சிக்குழி, எழுப்பினாலும் எழாத அசதி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் கக்கலும் சாதாரணக் கக்கல் அல்ல, அதற்கு அவசரம் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

அடுத்த வாரம் எடை 3.7 கிலோ. "இன்னும் கக்குறான்" என்றார் அம்மா. எப்படி என்று கேட்டோம். "வழியுது, அவ்வளவுதான்."