ஒரு பைட்கூட மாறாத கோப்பு

"சார், ஆரம்ப கார்டுல எங்க சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் பேரு வரல. நான் சேர்த்துதான் அனுப்பினேன்."

திரையிடல் முடிந்த மறுநாள் காலை அந்தக் குறும்பட இயக்குநர் போனில் சொன்னது இது. படங்களை இணையம் வழியாக வாங்கும் எங்கள் சர்வரிலிருந்த கோப்பை, கோப்பின் விவரங்களைக் காட்டும் `ffprobe`-இல் போட்டுப் பார்த்தேன். உருவான நேரம் புதன்கிழமை இரவு என்று காட்டியது. அவர் திருத்தி ஏற்றுமதி செய்ததும் புதன் இரவுதான். பதிவேற்றப் பதிவில் கோப்பின் எல்லாத் துண்டும் வந்து சேர்ந்திருந்தது, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடும் அடையாள எண்ணான செக்சம்மும் பொருந்தியிருந்தது.

"உங்க புது ஃபைல்தான் சார் வந்திருக்கு. எக்ஸ்போர்ட் பண்றப்ப டைம்லைன்ல பழைய கார்டு இருந்திருக்கும், ஒரு தடவை பாருங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "அப்படியும் இருக்கலாம் சார்" என்றார்.

அந்த "அப்படியும் இருக்கலாம்" என்னை இன்னும் விடவில்லை. சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன். அவர் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு போனை வைத்தார். நான் பொய் சொல்லவில்லை, கையிலிருந்த ஆதாரத்தைத்தான் சொன்னேன். ஆனால் ஆதாரத்தைப் பார்த்த வேகத்தில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்: தப்பு நம் பக்கம் இல்லை.

தப்பு நம் பக்கம்தான் இருந்தது.

அவருடைய படம் இருபது நிமிடம், சுமார் 18.5 ஜிபி. நாங்கள் 16 எம்பி துண்டுகளாக வாங்கினோம். ஐந்து எம்பி துண்டு போதும் என்று முதலில் நினைத்தோம். ஆனால் பின்னாலிருக்கும் எஸ்3 சேமிப்பகம் ஒரு கோப்புக்குப் பத்தாயிரம் துண்டுக்கு மேல் ஏற்காது. அப்படியானால் ஐம்பது ஜிபியிலேயே கதவு மூடிவிடும். ஆக இந்தப் படம் ஏறக்குறைய 1,100 துண்டு. அவர் வீட்டு இணைப்பில் மேலே போகும் வேகம் பத்து எம்பிபிஎஸ், முழுதாக ஏற நாலு மணி நேரத்துக்கு மேல். 700 துண்டு போனபோது இணைப்பு அறுந்தது. படுத்துவிட்டார். அடுத்த நாள் பெயர் விட்டுப்போனது தெரிந்து, திருத்தி, அதே பெயரில் அதே இடத்தில் மறுபடி ஏற்றுமதி செய்தார். எங்கள் பக்கத்தைத் திறந்து கோப்பைத் தேர்ந்தெடுத்தார். "விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது" என்றது எங்கள் பக்கம். ரொம்பப் பணிவாக.

பாதியில் நின்ற பதிவேற்றத்தை அடையாளம் காண நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

```js
const key = [userId, file.name, file.size].join(":");
```

திருத்திய கோப்பின் அளவு கொஞ்சமாவது மாறாதா என்று கேட்பீர்கள். நானும் அதை நம்பித்தான் எழுதினேன். சாதாரண எம்பி4 என்றால் நிச்சயம் மாறும். அவர் கொடுத்தது எடிட்டிங்கில் புழங்கும் டிஎன்எக்ஸ்எச்டி என்ற வீடியோ வடிவம். அதில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே அளவு ஒதுக்கீடு. அவர் வைத்திருந்த செட்டிங்கில் ஃபிரேமுக்கு 606,208 பைட். வெறும் கறுப்புத் திரையும் அவ்வளவே, ஆயிரம் பேர் நிற்கும் திருவிழாக் காட்சியும் அவ்வளவே. ஒலியோ சுருக்கப்படாதது. நீளம் மாறாவிட்டால் கோப்பின் அளவும் ஒரு பைட்கூட மாறாது.

இதில் கொடுமை, ஒட்டு தெரியவே தெரியாது. முதல் 700 துண்டு பழைய கோப்பு, மீதி புதுக் கோப்பு. ஃபிரேம்கள் எல்லாம் அதே அதே இடத்தில் இருப்பதால் எந்த பிளேயரும் முனகாமல் ஓட்டும். கார்டு நாற்பதாவது நொடியில் வருகிறது, அது பழையது. உருவான நேரத்தைச் சொல்லும் தலைப்புத் தகவல், பெயருக்குத்தான் தலைப்பு, இந்த வகைக் கோப்பில் வாலில் இருக்கிறது; அது புதியது. நான் வாலைப் பிடித்துக்கொண்டு யானையைப் பற்றி அவருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

அவரிடமிருந்து இரண்டு கோப்பையும் வாங்கி, பைட் பைட்டாக ஒப்பிடும் `cmp` போட்டுப் பார்த்தது மூன்று நாள் கழித்து. எங்கள் சர்வரில் இருந்ததைப் புதியதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கார்டு வரும் ஃபிரேம்களில் மட்டும். பழையதோடு ஒப்பிட்டால் கடைசிச் சில பைட்டுகளில் மட்டும். அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை.

இதைவிட உறுத்துவது ஆறு மாதம் முந்தைய ஒரு பேச்சு. அணியில் புதிதாகச் சேர்ந்த பெண் அந்த வரியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, `lastModified`-ஐயும் சேர்த்துக்கலாமா?"

"வேணாம்மா. ஆபீஸ்ல பாதி ஏத்திட்டு, ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணி வீட்ல தொடருவாங்க. டைம் மாறிடும். முதல்லேருந்து ஏத்தச் சொன்னா அடிக்க வருவாங்க."

இன்றும் அந்தக் காரணம் தப்பில்லை என்றே நினைக்கிறேன். எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் திருத்திய நேரம் 10 மில்லிநொடித் துல்லியத்தில்தான் நிற்கும். காப்பி செய்ததும் கடைசி இலக்கம் மாறி, ஒரே கோப்பு வேறு கோப்பாகத் தெரியும். அப்படி நாலு மணி நேரத்தை இழந்தவர்கள் எங்களைத் திட்டியதும் உண்டு. ஆனால் அவள் கேட்டது உண்மையில் நேரத்தைப் பற்றியா? "இது அதே கோப்புதான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் கேட்டிருக்கிறாள். நான் கேள்வியை விட்டுவிட்டு அவள் சொன்ன விடைக்கு மட்டும் பதில் சொன்னேன்.

விடை எங்கள் கையிலேயே இருந்தது. வந்த துண்டு ஒவ்வொன்றின் செக்சம்மையும் சர்வரில் வைத்திருந்தோம். தொடர்வதற்கு முன் அந்த 700 துண்டையும் அவர் டிஸ்க்கிலிருந்து மறுபடி படித்து, உலாவியிலேயே செக்சம் போட்டு ஒப்பிட்டால் முடிந்தது. 11.7 ஜிபி, பழைய யுஎஸ்பி டிஸ்க் என்றாலும் இரண்டு நிமிடம். முதல் துண்டை மட்டும் பார்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். 16 எம்பி என்பது இந்தப் படத்தில் ஒரு நொடி. அந்த ஒரு நொடி இரண்டு கோப்பிலும் கறுப்பு.

அவர் மட்டும் அந்த டேபை மூடாமல் விட்டிருந்தால் இது நடந்தே இருக்காது. தேர்ந்தெடுத்த பின் மாறிப்போன கோப்பைப் படிக்க குரோம் மறுத்து `NotReadableError` கொடுத்திருக்கும். கூட்டத்தில் இதைச் சொன்னேன், "பயனர் அதே பெயரில் மேலெழுதிவிட்டார்" என்ற வாக்கியத்தோடு சேர்த்து. அவளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

இயக்குநருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அப்ப நான் சரியாத்தான் பண்ணிருக்கேன்" என்றார், அவ்வளவுதான். சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டிடம் அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது முழுச் சரிபார்ப்பு ஓடுகிறது. போன வாரம் இன்னொரு கோரிக்கை வந்திருக்கிறது: "சரிபார்க்கிறது" என்று இரண்டு நிமிடம் காட்டுவது பயனர்களுக்கு எரிச்சலாக இருக்கிறதாம். `lastModified` மாறாமல் இருந்தால் அந்தச் சரிபார்ப்பைத் தாண்டிவிடலாமா? நியாயமான கேள்விதான். நேரம் மாறாமல் உள்ளடக்கம் மாறும் வாய்ப்பு மிகக் குறைவு. "செய்யலாம்" என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அவள் இப்போது வேறு அணியில் இருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.