'பாடி' என்று சொல்லாதே, தம்பி

மார்ச் 4, 2025, செவ்வாய்

அதிகாலை 3.25-க்கு ஒருவரைக் கொண்டு வந்தார்கள். வயது 54, ஆட்டோ ஓட்டுபவர். இரவு 11 மணியிலிருந்து மேல் வயிற்றில் எரிச்சலாம். மனைவி இஞ்சிச் சாறு கொடுத்திருக்கிறார், பிறகு சோடா. 3 மணிக்குக் கண் செருகியதும்தான் 108-ஐ அழைத்திருக்கிறார்கள். ஈ.சி.ஜி.யில் இதயத்தின் அடிச்சுவரில் பெரிய அடைப்பு தெரிந்தது. 3.40-க்குத் துடிப்பு நின்றது. நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் போடுவதுமாக 40 நிமிடங்கள் போயின. 4.20-க்கு நிறுத்தினோம்.

நடுவில், 4 மணி வாக்கில், அழுத்தும் வேலையைப் பயிற்சி மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு நிமிடம் வெளியே போனேன். "அம்மா, அவருடைய இதயம் நின்றுவிட்டது. மறுபடி இயக்க முயன்றுகொண்டிருக்கிறோம். நிலைமை மிக மோசம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இந்த ஒரு நிமிடத்தை நான் விடுவதே இல்லை. இது இல்லாவிட்டால் ஊசி போடப் போன மனிதர் இறந்துபோனார் என்றுதான் அவர்கள் காதில் விழும்.

4.20-க்குப் பிறகு கையுறையைக் கழற்றினேன், முகம் கழுவினேன், கேஸ் ஷீட்டில் பெயரை இன்னொரு முறை பார்த்தேன். (அதே பெயரில் இன்னொருவர் ஆண்கள் வார்டில் இருந்தார். இப்படி ஆள் மாறிச் சொன்ன கதைகள் எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு.) எங்களிடம் தனி அறை கிடையாது. ஈ.சி.ஜி. அறையில் இரண்டு ஸ்டூல் போடச் சொல்லி, அந்த அம்மாவையும் அவருடைய தம்பியையும் உட்காரவைத்து, நானும் உட்கார்ந்தேன்.

"கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது, அம்மா." ஒரு மூச்சு விட்டேன். "உங்கள் வீட்டுக்காரர் இறந்துவிட்டார்."

பிறகு வாயை மூடிக்கொண்டேன். இதுதான் கஷ்டம். அடைப்பு, ரத்த அழுத்தம், எத்தனை ஊசி என்று அந்த மௌனத்தை நிரப்ப நாக்கு துடிக்கும். சுவர்க் கடிகாரத்தில் முள் ஒரு சுற்று வந்தது. அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியின் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 5, புதன்

நேற்று எழுதாமல் விட்டது இது. முதலில் அழுகை, அப்புறம் அந்தக் கேள்வி: "வாயு என்று நினைத்தேனே, டாக்டர். முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா?"

பயிற்சிக் காலத்தில், வேறோர் ஊரில், ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே நானாகச் சொன்னேன்: "இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்." மருத்துவப்படி தப்பில்லை. அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை வைத்துத்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. எங்கள் மீது பழி வராமல் இருக்கச் சொன்ன வாக்கியம் அது. போகும்போது அவள் அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதற்காகப் பொய்யும் சொல்லக் கூடாது. "எப்போது வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்" என்பது மாரடைப்பில் பொய். நாளை வேறு ஒருவர் சீக்கிரம் வந்து பிழைத்ததை அவர்கள் கேள்விப்படுவார்கள்.

நேற்று சொன்னது இவ்வளவுதான்: "சீக்கிரம் வந்தால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை, அம்மா. அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதயத்தின் அடிப்பக்கம் வயிற்றை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே அடைத்தால் வாயு போலவேதான் எரியும். ஈ.சி.ஜி. எடுக்காமல் எனக்கே தெரியாது. உங்களுக்கு ஆபத்து என்று தெரிந்த நிமிடமே கூட்டி வந்தீர்கள்."

அந்தக் கடைசி வாக்கியத்தை யோசித்துத்தான் சொன்னேன். 'உங்கள் தப்பில்லை' என்றால் தப்பு என்ற சொல்லை நானே அறைக்குள் கொண்டுவந்ததாகிவிடும். அவர் செய்ததைச் செய்தபடி சொன்னால் போதும்.

மார்ச் 7, வெள்ளி

அன்று ஓசூரில் வேலை செய்யும் மகனுக்கு மாமன்காரர்தான் போன் செய்தார். "அப்பாவுக்குச் சீரியஸ், உடனே கிளம்பு." நம் ஊரில் இறந்தவர்கள் எல்லாரும் சில மணி நேரம் 'சீரியஸாக' இருந்துவிட்டுத்தான் இறக்கிறார்கள். வண்டியில் வரும் பிள்ளை பதறி எங்காவது மோதிவிடக் கூடாது என்ற கவலை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன்.

ஆனால் பையன் விடவில்லை, டாக்டரிடம் கொடுங்கள் என்றான். "எங்கே இருக்கிறீர்கள், தம்பி? கூட யார்? நீங்கள் வண்டி ஓட்டுகிறீர்களா?" என்று முதலில் கேட்டேன். அறையில் நண்பன் இருக்கிறான், பஸ்ஸில்தான் வரப்போகிறேன் என்றான். "அப்பா உயிரோடு இருக்கிறாரா?" என்று நேராகவே கேட்டான். நேராகக் கேட்டவனிடம் மழுப்ப முடியாது. சொன்னேன். நண்பனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இவரைத் தனியாக அனுப்பாதீர்கள் என்றேன். தானே பைக்கில் வருகிறேன் என்றிருந்தால் முதலில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லியிருப்பேன்.

மார்ச் 11, செவ்வாய்

பயிற்சி மருத்துவரிடம் இன்று பேசிவிட்டேன். அவன் மோசமானவன் இல்லை, களைத்துப் போயிருந்தான். அன்று காலை மகன் வந்து "அப்பாவை எப்போது அழைத்துப் போகலாம்?" என்று கேட்டான். இவன், "பாடியை எட்டு மணிக்கு எடுத்துக்கொள்ளலாம்" என்றான். மகனின் கேள்வியிலேயே சரியான சொல் இருந்தது. அதையே திருப்பிச் சொன்னால் போதும்: "அப்பாவை எட்டு மணிக்கு அழைத்துப் போகலாம். அமரர் ஊர்தியை நாங்களே வரச் சொல்கிறோம்."

"இறந்துவிட்டார் என்று வெட்டெனச் சொல்லச் சொல்கிறீர்கள், பாடி மட்டும் கூடாதா, சார்?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். 'இறந்துவிட்டார்' என்பதில் இன்னும் ஒரு 'ஆர்' இருக்கிறது, அது மனிதரைக் குறிக்கிறது. 'கை மீறிவிட்டது', 'கொஞ்சம் கஷ்டம்தான்' என்று சுற்றி வளைத்தால், வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். அப்படி ஆம்புலன்ஸ் தேடி ஓடியவர்களை அவனும் பார்த்திருக்கிறான்.

செவிலியர் அக்காவிடம் அவன் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. போலீஸ் கேஸ் இல்லை என்பதால் அவர் குழாய்களை எடுத்தார், முகத்தை ஈரத்துணியால் துடைத்தார், கண்ணை மூடி, போர்வையை நெஞ்சு வரை மட்டும் இழுத்துவிட்டார். வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துவைத்தார். அந்த அம்மா உள்ளே வந்ததும் நேராக அந்தக் கையைத்தான் பிடித்தார். விபத்து கேஸ் என்றால் பிரேதப் பரிசோதனை முடியும் வரை குழாயை எடுக்க முடியாது. அப்போது, "வாயில் ஒரு குழாய் இருக்கும், சட்டப்படி நாங்கள் எடுக்கக் கூடாது" என்று கதவுக்கு இந்தப் பக்கமே சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 19, புதன்

இறப்புச் சான்றிதழுக்காக அந்த அம்மாவும் மகனும் வந்திருந்தார்கள். பதிவு அறையிலிருந்து என்னைத் தேடி அவசரப் பிரிவுக்கு வந்தார்.

"அன்றைக்கு நீங்கள் சொன்னதில் பாதி எனக்கு ஞாபகமில்லை, டாக்டர். வாயு போலவே இருக்கும் என்று சொன்னீர்கள் அல்லவா?"

"ஆமாம், அம்மா. ஈ.சி.ஜி. எடுக்காமல் எனக்கே தெரியாது என்றும் சொன்னேன்."

தலையை ஆட்டினார். முந்தானை முடிச்சிலிருந்து சின்னப் போனை எடுத்து மகனிடம் நீட்டி, அத்தைக்குப் போடச் சொன்னார்.

"என் நாத்தனார். சோடா கொடுத்துக் கொன்றுவிட்டாய் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதே வார்த்தையை அவளிடமும் சொல்லிவிடுங்கள்."

மணி அடித்துக்கொண்டிருந்தது. போனை வாங்கிக்கொண்டு ஈ.சி.ஜி. அறைக்குள் போனேன்.