பி1-க்கு எத்தனை மணி நேரம்? ஸ்டுட்கார்ட்டில் போட்ட கணக்கு

ஜெர்மனியில் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் இருப்பவருக்கு, மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால், பி1 என்ற இடைநிலை அளவுக்கு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கிடைக்கும். தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம்தான் என்பதால், அந்த ஆறு மாத வித்தியாசம்தான் என்னைக் கணக்குப் போட வைத்தது.

பி1 வரை 350 முதல் 650 பாடவேளை ஆகலாம் என்கிறது கோதே இன்ஸ்டிடியூட். குடியேறியவர்களுக்கு அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் 600. ஒரு பாடவேளை 45 நிமிடம்தான், அதை மணி என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. தமிழிலிருந்து போகும் நமக்கு 600-ஐ எடுத்துக்கொள்வதே பத்திரம். ஏ1-ஐ ஊரிலேயே முடித்திருந்ததால் 200 கழிந்தது. மீதி 400 பாடவேளை, அதாவது 300 மணி நேரம். வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் அரை மணி வைத்தால் இன்னொரு 150. ஆக மொத்தம் 450.

மாலை வகுப்பு செவ்வாயும் வியாழனும், தலா நான்கு பாடவேளை. வாரம் 6 மணி நேரம் ஆயிற்று. புதன், வெள்ளி இரவு முக்கால் மணி வீட்டுப்பாடம். ஞாயிறு காலை ஒன்றரை மணி: ஒரு கடிதம் எழுதுவது, மீதி நேரம் கேட்டல் பயிற்சி. இப்படி வாரத்துக்கு 9 மணி என்றால் 50 வாரம். ஆனால் கோடை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று வகுப்புக்கு விடுமுறை வருமே! காலண்டரில் அது 15 மாதத்துக்கு மேல் நீளும். 21 மாதக் கெடு இருப்பவர் வந்து இறங்கிய முதல் சில மாதங்களுக்குள் வகுப்பில் சேர்ந்துவிட வேண்டும். ரயிலில் புரட்டும் வார்த்தை அட்டைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. களைப்பாக இருந்தால் முதலில் விட்டுப்போவது அதுதான்.

இந்த 450 வெறும் உத்தேசம். 25-வது வாரத்தில், ஏ1-க்கு அடுத்த படியான ஏ2 பாடம் முடியும்போது, மாதிரித் தேர்வு ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பார்த்தால் உண்மை தெரியும். என்னைப் போல ஆங்கில ஆபீஸில் வேலை செய்பவர்களுக்கு வாசித்தல் நன்றாக வரும், கேட்டலும் பேச்சும் தேர்ச்சிக்கு வேண்டிய 60-ஐத் தொடாமல் போகலாம். அப்படியானால் மீதியுள்ள 225 மணியைக் கால் பங்கு கூட்ட வேண்டும். வாரம் இரண்டு மணிக்குச் சற்று அதிகம் வரும். அதை இலக்கணத்தில் போடுவது வீண். நான் சனிக்கிழமை மதியத்தை அதற்கு ஒதுக்கி, தமிழ் கற்க ஆசைப்பட்ட ஒரு ஜெர்மன்காரருடன் மாற்றி மாற்றிப் பேசினேன்.

கோதே பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். ஒன்றில் மட்டும் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். அதனால் கடைசி வாரங்களில் அட்டவணையை நாலாகப் பங்கு போடாமல், மாதிரித் தேர்வில் 70-க்குக் கீழே இருக்கும் பகுதிக்கே பாதி நேரத்தைக் கொடுத்தேன்.