பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரும் ஒரு வாஷிங் மெஷினும்

வீடு மாறினோம். பத்து மாத அட்வான்ஸில் பாதியைக் கிரெடிட் கார்டில் வந்த கடனை வைத்துத்தான் சமாளித்தேன். அதில் 60,000 ரூபாய் பாக்கி நின்றது. மாதம் 3.5 சதவீத வட்டி, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மாதம் 2,478 ரூபாய் சும்மா போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் என்னிடமிருந்த இன்னொரு கார்டின் வங்கியிலிருந்து போன். "பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பண்ணி பாக்கியை எங்களுக்கு மாற்றிக்கோங்க மேடம், பழைய கார்டை நாங்க அடைச்சிடுவோம், 90 நாளுக்கு வட்டியே கிடையாது." கட்டணம் 2 சதவீதம், ஜிஎஸ்டியோடு 1,416 ரூபாய். கணக்குப் போட்டால் லாபம்தான். மாதம் 20,000 வீதம் மூன்று தவணையில் முடித்துவிடலாம் என்று சரி சொன்னேன். ஜூன் 6 ஒப்புதல் ஆனது.

முதல் இடி பழைய கார்டிலிருந்து. பணம் அங்கே போய்ச் சேர்ந்தது ஜூன் 10-ம் தேதி. மே 28-ம் தேதி பில்லில் இருந்த 60,000 அடைந்தது, சரி. ஆனால் பில் தேதியிலிருந்து பணம் வந்த நாள்வரை 13 நாள் வட்டி ஓடியிருக்கிறதே! அடுத்த பில்லில் 1,059 ரூபாய் கேட்டார்கள். கணக்கு முடிந்தது என்று நான் அந்தப் பில்லைப் பார்க்கவே இல்லை. தாமதக் கட்டணம் தனியாக விழுந்தது. மாற்றிய பிறகும் பழைய கார்டுக்கு இன்னொரு பில் கட்டாயம் வரும். அதைக் கட்டிய பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட வேண்டும்.

அடுத்தது நான் தேடிப்போய் வாங்கிக்கொண்ட வினை. ஜூலை 2 அன்று 18,500 ரூபாய்க்கு வாஷிங் மெஷின், பாக்கியை மாற்றிய அதே கார்டில். பர்சேஸுக்கு 50 நாள்வரை வட்டியில்லா அவகாசம் இருக்கிறதே என்ற நினைப்பு. ஜூலை 20 பில்லில் வட்டி 404, ஜிஎஸ்டி 73. தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார்: மாற்றிய பாக்கி நிற்கும்வரை புது பர்சேஸுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி. "அப்ப அடுத்து நான் கட்டுற பணத்தை வாஷிங் மெஷினுக்கு எடுத்துக்கோங்க" என்றேன். அதுவும் முடியாதாம். வரி, வட்டி, கட்டணம் முதலில், அப்புறம் மாற்றிய பாக்கி, பர்சேஸ் கடைசி. அதாவது வட்டியே இல்லாத கடனை நான் அடைத்துக்கொண்டே இருப்பேன், வருடம் 42 சதவீத வட்டிக் கடன் உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கும். செப்டம்பர் ஆரம்பம்வரை மட்டும் மெஷினுக்கு வட்டி 1,600 ரூபாய். மாற்றியதற்குக் கட்டிய கட்டணத்தைவிட அதிகம்!

இந்த வரிசையால் என் தவணைக் கணக்கும் குழம்பியது. ஜூலையில் கட்டிய 20,000-ல் 1,416 கட்டணத்துக்கே போய்விட்டது. ஆகஸ்டில் கட்டியதில் 477 வட்டிக்குப் போனது. பாக்கி இன்னும் 20,000தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

90 நாள் முடிவதை நான் முதல் பில் தேதியான ஜூன் 20-லிருந்து எண்ணி வைத்திருந்தேன். செப்டம்பர் 18வரை நேரம் இருக்கிறது என்று நினைப்பு. ஏதோ உறுத்தலில் செப்டம்பர் 2 அன்று கூப்பிட்டுக் கேட்டேன். "ஒப்புதல் ஆன நாளிலிருந்து மேடம். நாலாம் தேதி முடியுது." பணம் பழைய கார்டுக்குப் போய்ச் சேராத நான்கு நாளும் அந்தத் தொண்ணூறில்தான் சேர்த்தி! நாலாம் தேதிக்கு மேல் மிச்சமிருக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதே 3.5 சதவீதம் ஓட ஆரம்பிக்கும்.

நல்ல வேளை, ஒன்று மட்டும் சரியாகக் கேட்டேன்: "நாலாம் தேதிக்குள் மாற்றிய பாக்கி முழுசாக அடைய எவ்வளவு கட்டணும்?" ஆகஸ்ட் பில்லின் வட்டி 779 ரூபாயும் சேர்த்து 22,672 ரூபாய் என்றார். பில்லில் இந்தத் தொகை எங்கும் இல்லை, கேட்டால்தான் சொல்வார்கள். கையில் இருந்தது 20,000. மிச்சம் 2,672-ஐ அண்ணனிடம் வாங்கி மூன்றாம் தேதி மாலையே அனுப்பினேன். மறுநாள் காலை ஆப்பில் வரவு தெரிந்தது.

வாஷிங் மெஷின் பாக்கி தீபாவளி போனஸில்தான் தீர்ந்தது. எல்லாம் போக, பழைய கார்டிலேயே விட்டிருந்ததைவிட ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். கட்டி முடித்த அன்றே மெஷின் வாங்கிய கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்; இப்போது கடைக்குப் போனால் டெபிட் கார்டுதான்.